எங்கள் கம்பெனி எஸ்எம்இ பிளாட்பார்மில் லிஸ்ட் ஆன கதை

கோவைப் பக்கம் ஒரு காஸ்டிங் ஃபவுண்டரியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பம்ப், வால்வ் கம்பெனிகளுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்து கொடுக்கிறோம். 2023-ல் பங்கு வெளியீட்டுக்குக் கிளம்பி, அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பங்குச் சந்தையின் முக்கியப் பட்டியலான மெயின் போர்டில் அல்லாமல், சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்எம்இ பிளாட்பார்மில் பட்டியலானோம். இதுபோல் கிளம்ப நினைக்கிற கம்பெனிக்காரர்களும், எஸ்எம்இ பங்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "மெயின் போர்டுன்னா பெரிய கம்பெனி, எஸ்எம்இ-ன்னா சின்ன கம்பெனி, அப்படித்தானே?" பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

எங்கள் எம்.டி. முதல் கூட்டத்திலேயே உத்யம் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். "நம்மதான் எம்எஸ்எம்இ-ங்களே, அப்ப அங்கதான் போகணும்" என்றார். வெளியீட்டை நடத்தித் தர வந்திருந்த மெர்ச்சன்ட் பேங்கர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உத்யம் பதிவு இயந்திர முதலீட்டையும் விற்பனையையும் வைத்து வகை பிரிக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அந்த இரண்டையும் வைத்து எந்தப் பக்கம் என்று முடிவு செய்வதில்லை. அது முதலில் கேட்பது, வெளியீடு முடிந்த பிறகு செலுத்தப்பட்ட மூலதனம் எவ்வளவு என்பதுதான். அதுவும் சந்தை விலையில் அல்ல, பங்கில் எழுதியிருக்கும் முகமதிப்பில். 10 கோடி ரூபாய் வரை என்றால் எஸ்எம்இ பக்கம்தான். 25 கோடியைத் தாண்டினால் எஸ்எம்இ பக்கம் வெளியீடு கிடையாது. நடுவில் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம், மற்ற தகுதிகள் இருந்தால்.

இந்த முகமதிப்புக் கணக்கு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு எங்கள் ஆடிட்டர் அன்றைக்கு எம்.ஆர்.எஃப்-ஐ உதாரணம் சொன்னார். அந்த கம்பெனியின் மொத்தப் பங்குகளே சுமார் 42.4 லட்சம்தான். பத்து ரூபாய் முகமதிப்பில் மூலதனம் 4.24 கோடி. ஒரு பங்கின் விலையோ லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆண்டு விற்பனை 25,000 கோடிக்கு மேல். இன்றைக்குப் புதிதாக இதே மூலதனத்தோடு வந்தால் அதன் இடம் எஸ்எம்இ பிளாட்பார்ம்! போனஸே கொடுக்காமல், பங்கைப் பிரிக்காமல் பல பத்தாண்டுகளாக இருந்ததன் விளைவு அது. எம்.டி. சிரித்துவிட்டார். "அப்ப நம்ம மூலதனத்த எப்படி வேணா வெச்சுக்கலாங்களா?" என்று அடுத்த கேள்வியும் கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

எங்களுக்கு அப்போது இருந்தது 10 லட்சம் பங்குகள். மூலதனம் ஒரு கோடி, சேர்ந்திருந்த லாபமான ரிசர்வ் 31 கோடி. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு போனஸ் கொடுத்தோம். பங்குகள் 1.1 கோடி ஆயின, மூலதனம் 11 கோடி ஆனது, ரிசர்வ் 21 கோடியாக இறங்கியது. நிகர மதிப்பு முன்பும் 32 கோடி, பின்பும் 32 கோடி. கம்பெனிக்குள் ஒரு ரூபாய்கூடப் புதிதாக வரவில்லை, ஒரு உலைகூடக் கூடவில்லை. ஆனால் போர்டு ரெசல்யூஷன் ஒன்று, பங்குதாரர் கூட்டம் ஒன்று, கொஞ்சம் ஸ்டாம்ப் டூட்டி, இவ்வளவில் மூலதனம் பதினோரு மடங்கு. ஆகவே வெளியீட்டு ஆவணமான ப்ராஸ்பெக்டஸில் 'செலுத்தப்பட்ட மூலதனம்' என்ற வரியைப் பார்த்து கம்பெனியின் அளவை எடை போடாதீர்கள். வெளியீட்டுக்கு முந்தைய ஓரிரு ஆண்டில் போனஸ் வந்திருக்கிறதா என்று 'கேபிட்டல் ஸ்ட்ரக்சர்' பகுதியில் தேதி வாரியாகப் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

அதன்மேல் புதிய பங்குகள் 39,99,600. முழுசாக 40 லட்சம் ஏன் இல்லை என்று எம்.டி. கோபப்பட்டார். எஸ்எம்இ பங்குகளை லாட் என்ற கட்டாகத்தான் விற்க வேண்டும். விலை 95 ரூபாய், அந்த விலைக்கு ஒரு லாட் 1,200 பங்கு, லாட் உடையக் கூடாது. 3,333 லாட் வரும்படி 400 பங்கைக் குறைத்தோம். வெளியீடு சுமார் 38 கோடி. முடிந்த பிறகு கம்பெனியின் மொத்தப் பங்குகள் ஏறக்குறைய 1.5 கோடி, மூலதனம் 15 கோடி, சந்தை மதிப்பு 142 கோடி சொச்சம்.

15 கோடி மூலதனம் என்றால் மெயின் போர்டுக்கும் கதவு திறந்துதானே இருக்கிறது? எம்.டி.யும் அதையே பிடித்துக்கொண்டார். இங்கேதான் இரண்டாவது கதவு. மெயின் போர்டுக்கு, பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி வைத்திருக்கும் வழக்கமான பாதையில், முந்தைய மூன்று ஆண்டுகளிலும் செயல்பாட்டு லாபம் இருக்க வேண்டும், அதன் சராசரி குறைந்தது 15 கோடி இருக்க வேண்டும். தொட்டுணரக்கூடிய நிகரச் சொத்து ஒவ்வொரு ஆண்டும் 3 கோடி, நிகர மதிப்பு ஒரு கோடி என்பதெல்லாம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. லாபம்தான் இடித்தது. எங்களுக்கு 7, 9, 11 கோடி. சராசரி 9. கதை முடிந்தது.

இன்னொரு பாதையும் உண்டு. லாபச் சோதனையைத் தாண்டாதவர்கள், வெளியீட்டில் 75 சதவீதத்தை நிறுவன முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கி மெயின் போர்டுக்கு வரலாம். 2021-ல் சொமேட்டோ நஷ்டத்தோடு மெயின் போர்டில் வந்ததை நினைத்துப் பாருங்கள். ஆனால் 38 கோடி வெளியீட்டுக்கு எந்த மியூச்சுவல் ஃபண்ட் மேனேஜர் ஃபவுண்டரி ஃபைலைத் திறப்பார்? ஆக, மெயின் போர்டில் ஒரு புதிய கம்பெனி இருக்கிறது என்றால், ஒன்று அது அந்த லாப அளவைத் தாண்டியது, இல்லையென்றால் பெரிய ஃபண்டுகள் ஏற்கும் அளவுக்குப் பெரிய வெளியீடு. லாபம் இருக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை. எது என்று ப்ராஸ்பெக்டஸில் ஒதுக்கீட்டுச் சதவீதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எஸ்எம்இ பக்கம் எங்கள் வரைவு ப்ராஸ்பெக்டஸைப் பரிசீலித்தது எக்ஸ்சேஞ்ச்தான், செபி அல்ல. "அப்ப சுலபம்" என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தவர்கள் உலை வரைக்கும் வந்தார்கள். மோல்டிங் மெஷினில் அடித்திருந்த சீரியல் நம்பரை எங்கள் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். கரண்ட் பில்லையும் உருக்கிய டன் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் உருக்க எத்தனை யூனிட் போகும் என்று தெரிந்துகொண்டே வந்திருந்தார்கள். விற்பனையை ஊதிக் காட்டலாம், கரண்ட் பில்லை ஊத முடியாது. எம்.டி.யை மட்டும் தனியாக உட்காரவைத்து, என்னைக் கேட்காமல் முதல் ஐந்து வாடிக்கையாளர்கள் யார், யாரிடம் எவ்வளவு நிலுவை என்று கேட்டார்கள். மனுஷன் முப்பது வருஷம் கூட்டாளிக் கடை மாதிரி நடத்தியவர், பைசா சுத்தமாகச் சொன்னார்.

ஆனால் எல்லாக் கம்பெனியும் இப்படி இருக்காது. 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு ஷோரூம் வைத்திருந்த ஒரு பைக் டீலர், எட்டு ஊழியர்களோடு எஸ்எம்இ பிளாட்பார்முக்கு வந்தார். கேட்டது சுமார் 12 கோடி. வந்த விண்ணப்பங்கள் 4,700 கோடிக்கு மேல். எத்தனை மடங்கு விண்ணப்பம் வந்தது என்பது கம்பெனியின் அளவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதன்பிறகு செபி விதிகளை இறுக்கியது: மூன்று ஆண்டில் ஏதாவது இரண்டு ஆண்டு குறைந்தது ஒரு கோடி செயல்பாட்டு லாபம், பழைய பங்குதாரர்கள் விற்கும் பங்கு வெளியீட்டில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தபட்ச விண்ணப்பமே இரண்டு லட்சத்துக்கு மேல். எங்கள் காலத்தில் ஒரு லாட் 1,14,000 ரூபாய் போட்டால் போதும். மெயின் போர்டில் அதே சிறு முதலீட்டாளர் சுமார் 15,000 ரூபாயில் விண்ணப்பிக்கலாம். அந்த வித்தியாசம் வேண்டுமென்றே வைத்தது, நஷ்டம் தாங்க முடியாதவர் உள்ளே வரக் கூடாது என்று.

பட்டியலான பிறகு எனக்குப் புதிதாக இருந்தது வர்த்தகம். சில நாள் ஒரே ஒரு லாட் கைமாறும். மார்க்கெட் மேக்கர் மூன்று வருஷம் கட்டாயம் இருந்து, வாங்கும் விலையும் விற்கும் விலையும் காட்டிக்கொண்டிருப்பார். அவர் இல்லாவிட்டால் சில நாள் அதுவும் இருக்காது. ஒரு நாள் யாரோ ஒருவர் 110 ரூபாயில் ஒரு லாட் வாங்கினார். 1,32,000 ரூபாய் வர்த்தகம். அன்று சாயங்காலம் எங்கள் சந்தை மதிப்பு 165 கோடி! எம்.டி.யின் மருமகன் ஸ்வீட் வாங்கி வந்துவிட்டார். எஸ்எம்இ கம்பெனியின் சந்தை மதிப்பைப் பார்க்கும்போது, அன்று எத்தனை லாட் நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது மெயின் போர்டுக்கு மாறலாமா என்ற பேச்சு ஓடுகிறது. விற்பனையும் லாபமும் ஏறியிருக்கின்றன. மூலதனம் 10 கோடிக்கு மேல் இருப்பதால் அடிப்படைத் தகுதி உண்டு, எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் விற்பனை, லாபம், பங்குதாரர் எண்ணிக்கை நிபந்தனைகள் தனி. தபால் வாக்கெடுப்பில் புரமோட்டர் அல்லாதவர்களின் ஆதரவு ஓட்டு, எதிர் ஓட்டைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும். எம்.டி. குடும்பத்தின் 73 சதவீதம் அங்கே உதவாது.

எனக்குக் கவலை ஓட்டு அல்ல. எஸ்எம்இ பக்கம் முடிவுகளை அரையாண்டுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், பழைய கணக்கியல் தரத்திலேயே எழுதலாம். அங்கே போனால் காலாண்டுக்கு ஒருமுறை, அதுவும் இண்ட் ஏஎஸ் என்ற புதிய கணக்கியல் தரத்தில். பேட்டர்ன், டை எல்லாவற்றின் ஆயுளையும் மறுபடி மதிப்பிட வேண்டும், நிலுவைக் கடன்களில் வராமல் போகக்கூடியதற்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், முந்தைய ஆண்டுக் கணக்கையும் திருத்தி எழுத வேண்டும். இரண்டு பேர் உட்காரும் என் பிரிவுக்கு இன்னும் மூன்று பேர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எம்.டி. இருவரைத் தருகிறேன் என்கிறார், பேச்சு அங்கேதான் நிற்கிறது.