ஆய்வுக்கட்டுரை அழைப்பு: தேதிகளிலிருந்து தொடங்குங்கள்

மாநாட்டுக்குக் கட்டுரை கேட்டு அழைப்பு எழுதும்போது பலரும் முதலில் தலைப்புகளைப் பட்டியலிடுகிறார்கள். எங்கள் அனுபவத்தில் தேதிகளை முதலில் முடிவு செய்வதே நல்லது. அதையும் மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

மாநாடு டிசம்பர் 12 என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பு தயாராக ஆறு வாரம் தேவை. ஆகவே திருத்திய இறுதிக் கட்டுரை அக்டோபர் 30க்குள் வர வேண்டும். திருத்துவதற்கு மூன்று வாரம் கொடுத்தால், முடிவை அக்டோபர் 9 அன்று அறிவிக்க வேண்டும். மதிப்பாய்வுக்கு ஐந்து வாரமும் கலந்து பேசி முடிவெடுக்க ஒரு வாரமும் ஒதுக்கினால் முழுக் கட்டுரைக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 28. சுருக்கத்தை ஒரு வாரம் முன்பே, ஆகஸ்ட் 21க்குள் வாங்கிவிடுங்கள். எந்தக் கட்டுரை யாருக்கு என்று பிரிக்க அந்த வாரம் மிகவும் உதவும்.

கடைசி நாளை நீட்டிக்கும்போது அந்த நாள்கள் மதிப்பாய்விலிருந்துதான் குறைகின்றன. ஐந்து வாரம் மூன்றாகச் சுருங்கினால் இரண்டு வரிக் கருத்துகள்தான் வரும். நீட்டிப்பு தேவைப்படும் என்று தோன்றினால் அதற்கான நாள்களைக் கணக்கில் சேர்த்தே அழைப்பை வெளியிடுங்கள்.

தலைப்புகள் மதிப்பாய்வாளர்களைப் பொறுத்தவை. 80 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் என்றால் 240 மதிப்பாய்வுகள். ஒருவருக்கு நான்கு என்றால் 60 பேர் வேண்டும். ஒரு தலைப்பைப் படித்து மதிப்பிட மூன்று பேர்கூட இல்லையென்றால் அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 'துறை சார்ந்த அனைத்தும்' என்று எழுதினால் பொருந்தாத கட்டுரைகள் குவியும். ஐந்தாறு தெளிவான தலைப்புகள் போதும்.

இத்தனையும் அழைப்பில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும்:

சுருக்கம்: ஆகஸ்ட் 21, 250 சொற்கள்
முழுக் கட்டுரை: ஆகஸ்ட் 28, இரவு 11.59 (AoE)
முடிவு: அக்டோபர் 9
இறுதி வடிவம்: அக்டோபர் 30
அளவு: 8 பக்கம், மேற்கோள் நூல்கள் தனி
வடிவம்: பிடிஎஃப், இணைத்துள்ள மாதிரிப்படி, ஆசிரியர் பெயரின்றி

AoE என்பது உலகின் எந்த மூலையிலாவது அந்த நாள் மிச்சமிருக்கும்வரை என்று பொருள்படும், அதாவது UTC−12. நேர வலயம் குறிப்பிடாவிட்டால் 'எங்கள் ஊரில் இன்னும் நள்ளிரவு ஆகவில்லை' என்ற கடிதங்கள் கட்டாயம் வரும். ஆனால் சமர்ப்பிப்புத் தளம் UTC நேரத்தில் இயங்கினால், மூடும் நேரத்தை அதில் மறுநாள் பகல் 11.59 என்று அமைக்க வேண்டும். அழைப்பில் ஒரு நேரமும் தளத்தில் வேறு நேரமும் இருந்தால் உரிய காலத்தில் அனுப்ப முயன்றவர்களே வெளியே நிற்பார்கள்.

'மேற்கோள் நூல்கள் தனி' என்ற இரண்டு மூன்று சொற்களை விட்டால், சிலர் 8 பக்கமும் வேறு சிலர் 10 பக்கமும் அனுப்புவார்கள். எதையும் நியாயமாக நிராகரிக்க முடியாது. பெயரின்றி என்று கேட்டால் நன்றியுரை, 'எங்கள் முந்தைய ஆய்வில்' போன்ற தொடர்கள், பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர் ஆகியவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறக்கிறார்கள். கோப்பைத் திறந்து பண்புகள் பகுதியைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.