ஜெர்மன் வங்கிச் செயலியில் வாடகையும் மின்கட்டணமும்: நான் பட்ட பாடு

ஜெர்மனியில் வீடு கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். வீடு கிடைத்தது. வாடகையையும் மின்கட்டணத்தையும் மாதாமாதம் தானாகப் போகும்படி செய்வதற்குள்தான் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

என் கணக்கு உள்ளூரில் கிளை வைத்திருக்கும் ஒரு சின்ன வங்கியில். செயலி முழுக்க ஜெர்மன்; மொழி மாற்றும் வசதியே கிடையாது. அது ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் விடாது. மனைவியின் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் படிக்கலாம் என்றால், ஐந்து நிமிடம் திரையைத் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும். மறுபடி கடவுச்சொல், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் உதவியது இதுதான்: வங்கியின் இணையதளத்தில் உள்நுழையாமலே படிக்கக்கூடிய உதவிப் பக்கங்கள் உண்டு. அதில் அதே திரைகளைப் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அதை நிதானமாக மொழிபெயர்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் செயலியைத் திறங்கள். கணக்கு இருப்பு தெரியும் பக்கத்தை மொழிபெயர்ப்புக்கு அனுப்ப வேண்டியதும் இல்லை.

முதலில் வாடகை. ஒப்பந்தத்திலேயே Dauerauftrag மூலம் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அதாவது, இந்தத் தேதியில் இந்தத் தொகையை இவருக்கு அனுப்பிக்கொண்டே இரு என்று நாம் வங்கிக்குக் கொடுக்கும் நிலையான உத்தரவு. இதில் ஒரு பொறி இருக்கிறது. Überweisung என்ற சாதாரணப் பணப் பரிமாற்றத் திரையிலும் தேதி கேட்கும். அங்கே அடுத்த மாதம் 1ஆம் தேதியைப் போட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் அது ஒரே ஒரு முறை மட்டும் போகிற Terminüberweisung. இரண்டாம் மாதம் வாடகை போகாது, வீட்டுக்காரரிடமிருந்து கடிதம்தான் வரும். ஒப்புதல் கொடுப்பதற்கு முன் வரும் கடைசித் திரையில் Turnus அல்லது Rhythmus என்ற வரியும், அதற்கு எதிரே மாதாமாதம் என்று பொருள்படும் monatlich என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் நீங்கள் இருப்பது தவறான திரை.

மற்ற கட்டங்கள் லேசானவை. Betrag-இல் தொகை: தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி, நம் வழக்கத்துக்கு நேர்மாறு. 980,00 என்றால் தொள்ளாயிரத்து எண்பது யூரோ. பணம் எதற்கு என்று குறிக்கும் Verwendungszweck-இல் வீட்டு எண்ணும் பெயரும். Letzte Ausführung என்ற கடைசித் தேதிக் கட்டத்தைக் காலியாக விடலாம். சில செயலிகளில் bis auf Widerruf என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அதாவது நாமாக நிறுத்தும்வரை. தேதி விஷயத்தில், இங்கே வாடகை மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். இந்தக் கணக்கில் சனிக்கிழமை சேராது. நான் 1ஆம் தேதி போட்டேன். ஞாயிறோ விடுமுறையோ வந்தால் என் வங்கியில் அடுத்த வேலை நாளில் போகிறது, அப்போதும் கெடுவுக்குள்தான்.

எல்லாம் நிரப்பி அடுத்த திரைக்குப் போனால் சிவப்பு எச்சரிக்கை. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், நாம் எழுதும் பெயரும், IBAN என்ற வங்கிக் கணக்கு எண்ணுக்கு உரியவரின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லியாக வேண்டும். ஒத்துப்போனால் பச்சை. கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சரியான பெயரையே காட்டிவிடும், திருத்திக்கொள்ளலாம். சுத்தமாகப் பொருந்தவில்லை என்றால் அது யாருடைய கணக்கு என்று சொல்லவே சொல்லாது. எனக்கு வந்தது அந்தக் கடைசி வகை. ஒப்பந்தத்தில் இருந்த வீட்டு உரிமையாளர் பெயரைத்தான் எழுத்துப் பிசகாமல் போட்டிருந்தேன்.

கீழே, "இருந்தாலும் தொடர்க" என்ற பொத்தான் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் அழுத்தி, பணம் வேறு யாருக்காவது போய்விட்டால் வங்கி பொறுப்பேற்காது. வாடகை மோசடிகள் இந்த ஊரில் ஏராளம். அதனால் அழுத்தாமல், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மணி, "நம்பர் சரிதான், எல்லோரும் இதற்குத்தான் அனுப்புகிறார்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். யார் பெயரில் கணக்கு இருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன், அசைவில்லை. கணக்கு வைத்திருப்பவரின் பெயர் எழுத்தில் வரும்வரை உத்தரவு போட முடியாது, வங்கியே எச்சரிக்கிறது என்று மறுபடி எழுதிய பிறகுதான் ஒற்றை வரியில் பதில் வந்தது. கணக்கு நிர்வாக நிறுவனத்தின் பெயரில், அதுவும் எங்கள் தெருப் பெயரோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தது. அதை அப்படியே போட்டேன், பச்சை வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே கணக்கின் பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். புது வீட்டுக்கு மாதம் 62 யூரோ முன்பணம், Lastschrift என்ற நேரடிப் பற்று மூலம் எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனி எழுதியிருந்தது. சரி, Dauerauftrag-க்கு ஒரு திரை இருந்தது போல இதற்கும் ஒன்று இருக்கும் என்று செயலியைக் குடைந்தேன். Lastschriften என்று ஒரு பிரிவு இருந்தது, ஆனால் புதிதாகச் சேர்க்க எந்தப் பொத்தானும் இல்லை. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "இங்கே இல்லை" என்று தலையை ஆட்டி அடுத்தவரைக் கூப்பிட்டார். எங்கே என்று சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அந்தத் திரை எந்தச் செயலியிலும் இருக்காது. நேரடிப் பற்றுக்கான அனுமதியை நாம் வங்கியிடம் கொடுப்பதில்லை. பணம் எடுக்கப்போகிற கம்பெனியிடம் கொடுக்கிறோம். அவர்கள் தளத்திலோ படிவத்திலோ IBAN எழுதி, SEPA-Lastschriftmandat என்ற இடத்தில் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. வங்கிக்கு அது அவர்கள் பணம் கேட்கும்போதுதான் தெரியும். நம் ஆட்களுக்கு ஒரு குறிப்பு: கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் கேட்கும் Kontoinhaber கட்டத்தில், அப்பா பெயர் முன்னா பின்னா என்று யோசிக்காமல், வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ஒப்புதல் கடிதத்தில் Gläubiger-ID என்று கம்பெனிக்கான எண்ணும், Mandatsreferenz என்று உங்கள் அனுமதிக்கான எண்ணும் இருக்கும். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஏன் என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்தது.

புது கம்பெனி ஒழுங்காக எடுத்துக்கொண்டது. பழைய வீட்டுக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனிதான் வில்லன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தேதி போட்டு அவர்களே அனுப்பிய Kündigungsbestätigung என் கையில் இருக்கிறது. அடுத்த மாதமும் 54 யூரோ எடுத்துவிட்டார்கள். போன் செய்தால், "இறுதிக் கணக்கில் சரியாகிவிடும், காத்திருங்கள்" என்றார்கள். இறுதிக் கணக்கு எப்போது வரும் என்றால் தெரியாதாம். மறுபடி வங்கிக் கவுன்டர். "அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம்." அதோடு சரி.

எங்கள் அடுக்ககத்தில் இருக்கும் ஈழத்து அக்கா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "எட்டுக் கிழமைக்குள்ள எண்டா நீங்களே திருப்பலாம் தம்பி, ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை." அவர் சொன்னது சரி. அனுமதி கொடுத்த பற்றாகவே இருந்தாலும், பணம் போன நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமல் திரும்பக் கேட்கலாம். அனுமதியே இல்லாத பற்றுக்கு 13 மாதம்வரை அவகாசம்.

செயலியில் அந்தப் பொத்தான் மெனுவில் எங்குமே இல்லை. பணம் போன வரியைத் தொட்டு விவரத்தைத் திறந்து, கீழே கடைசிவரை தள்ளினால் Lastschrift zurückgeben என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. தொட்டேன், தொகையும் கம்பெனி பெயரும் காட்டி உறுதியா என்று கேட்டது, TAN என்ற ஒருமுறை எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் காலை 54,00 பச்சை நிறத்தில் வரவில் நின்றது. கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை. அன்று டீ கொஞ்சம் கூடுதலாகவே இனித்தது.

ஆனால் இதைக் கண்டபடி அழுத்தக் கூடாது. நியாயமாகக் கொடுக்க வேண்டிய பணத்தைத் திருப்பினால் கடன் அப்படியே நிற்கும். திரும்பி வந்த பற்றுக்கான செலவையும் சேர்த்துக் கம்பெனி கேட்கும், நினைவூட்டல் கடிதங்கள் தொடரும். என்னைப் போல எழுத்தில் ஆதாரம் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று, ஒரு பற்றைத் திருப்புவதால் அனுமதி ரத்தாகிவிடாது. அடுத்த மாதமும் அவர்கள் கேட்கலாம். அதனால் அன்றே Mandatsreferenz எண்ணைக் குறிப்பிட்டு, அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று கம்பெனிக்கு எழுதினேன். அந்த Gläubiger-ID-யையே தடுத்து வைக்கும்படி வங்கியிடமும் கேட்கலாம். என் செயலியில் அதற்குத் திரை இல்லை, எழுத்தில் கொடுக்க வேண்டியிருந்தது.

வாடகை உத்தரவுக்கு இப்படித் திரும்பப் பெறும் பொத்தான் கிடையாது. நாமே அனுப்பிய பணம் என்பதால் போனது போனதுதான், பெற்றவர் மனது வைத்தால்தான் வரும். வீடு மாறும்போது பழைய Dauerauftrag தானாக நிற்காது. கடைசி வாடகை போனதும் Daueraufträge பட்டியலில் போய், நீக்கு என்று பொருள்படும் löschen கொடுங்கள். அடுத்த தவணைக்கு முந்தைய நாள்வரை காத்திருந்தால் சில வங்கிகளில் அந்த மாதத்தை நிறுத்த முடியாது.

பழைய மின்சாரக் கம்பெனி சும்மா விடவில்லை. 54 யூரோவோடு திரும்பி வந்த பற்றுக்கான செலவையும் சேர்த்து Mahnung என்ற நினைவூட்டல் கடிதம் ஒன்றை அனுப்பியது. அவர்களே எழுதிய முடிவுக் கடிதத்தின் நகலை இணைத்து, ஜெர்மனில் நாலு வரி எழுதிப் போட்டேன். மன்னிப்பெல்லாம் இல்லை, கணக்கில் பாக்கி 0,00 என்று மட்டும் பதில் வந்தது. இறுதிக் கணக்கு இன்னும் வந்தபாடில்லை.