ஆட்டோ இருக்கையைச் செப்பனிட்டு இடுப்பு வலியைக் குறைத்த அனுபவம்

மதுரையில் பல ஆண்டுகளாக ஆட்டோ ஓட்டிவரும் எனக்கு இடுப்பு வலி ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் சவாரி முடித்து இறங்கும்போது நிமிரச் சற்று நேரம் பிடித்தது. பிறகு இடது புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக ஓர் இழுப்பு இறங்கி, முழங்காலைத் தாண்டி ஆடுதசை வரை வந்தது. நடந்தால் குறையும், உட்கார்ந்தால் கூடும், குனிந்து எதையாவது எடுத்தால் சுரீரென்று பிடிக்கும். உட்கார்ந்தே பிழைக்கும் தொழிலில் இருப்பவனுக்கு, உட்கார்ந்தால் கூடும் வலி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வலியை நான் எப்படிக் கட்டுக்குள் கொண்டுவந்தேன் என்பதை, இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனையில் என்னைப் பரிசோதித்த மருத்துவர் உடனே ஸ்கேன் எழுதித் தரவில்லை. படுக்க வைத்துக் காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தார். குதிகாலிலும் முன்பாதத்திலும் மாறி மாறி நடக்கச் சொன்னார். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தம் விரலால் அழுத்தி அதன் வலுவைச் சோதித்தார். சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் உண்டா, தொடைகளின் உட்பக்கத்திலும் மலத்துவாரத்தைச் சுற்றியும் மரத்துப்போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, விழுந்து அடிபட்டதா என்றெல்லாம் கேட்டார். இவற்றில் எதுவும் இல்லையென்றால் முதல் சில வாரங்களுக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை என்றும், வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும் என்றும் விளக்கினார். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அந்தப் பகுதி மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். அங்கிருந்து என்னை இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பிரிவில் இருந்த இளம்பெண், உடற்பயிற்சி எதையும் தொடங்குவதற்கு முன் நான் ஆட்டோவில் எப்படி உட்காருவேன் என்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டச் சொன்னார். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் நீட்டியதும் என் இடுப்பு தானாகப் பின்னால் சாய்ந்து, கீழ்முதுகு வெளியே வளைந்தது. நிற்கும்போது கீழ்முதுகில் உள்நோக்கிய ஒரு வளைவு இருக்கிறது. உட்கார்ந்து முன்னால் எட்டும்போது அது அழிந்துவிடுகிறது; எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் முன்பக்கம் நசுங்கிப் பின்பக்கம் தள்ளப்படுகிறது. பின்பக்கத்தில்தான் காலுக்குப் போகும் நரம்புகள் இருக்கின்றன. ஆட்டோவில் இதோடு அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை வரும் மேல்கீழ் ஆட்டத்துக்கு மற்ற எந்த வேகத்தைக் காட்டிலும் அதிகமாகக் குலுங்குகிறது. சிறிய சக்கரங்களோடு குண்டும் குழியுமான சாலையில் போகும் வண்டியில் இந்த வேக ஆட்டத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே மாத்திரை வலியைத் தணிக்கலாம், ஆனால் இருக்கை மாறாதவரை வலியின் காரணம் அப்படியேதான் இருக்கும் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் சீட்டைக் கழற்றி ரெக்ஸினைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் இருந்த பஞ்சு பாதி உயரத்துக்கு இறங்கி, இடதுபக்கம் வலதுபக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அடியிலிருந்த பிளைவுட் பலகையே ஈரம் பட்டுக் குழிந்துபோயிருந்தது. அதாவது, என் இடுப்பு நாள் முழுவதும் பின்னால் சாய்ந்திருந்ததோடு ஒரு பக்கமாகவும் சரிந்திருந்தது. சீட்டைப் பிரிக்காமலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் புட்டங்களுக்கு அடியில் விட்டு, உட்காரும் எலும்புகள் இரண்டும் கையை ஒரே அளவு அழுத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக அழுத்தினாலும், கைக்கு அடியில் பலகை தட்டுப்பட்டாலும் அந்தச் சீட் தன் ஆயுளை முடித்துவிட்டது என்று பொருள்.

குஷன் கடைக்காரரிடம் போனபோது, "பாய், நல்லா மெத்துனு போட்ருங்க" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள் என்றும், அப்படிப் போட்ட சீட்டுகள்தான் சில மாதங்களிலேயே திரும்பி வருகின்றன என்றும் அவரே சொன்னார். மெத்தென்ற தடித்த பஞ்சு உட்கார்ந்தவுடன் சுகமாக இருக்கும். ஆனால் உடல் எளிதில் குலுங்கும் அந்த வேகத்தில் அது ஆட்டத்தைத் தணிப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடக் கூடும். பெரிய பள்ளத்தில் விழும்போதோ பஞ்சு முழுவதும் அமுங்கி, அடி நேராகப் பலகையிலிருந்து முதுகெலும்புக்குப் போகும். ஆகவே நாங்கள் இப்படிச் செய்தோம்: பலகையைப் புதிதாக மாற்றி, அதன்மேல் இரண்டு அங்குலத்துக்குக் கெட்டியான ரீபாண்டட் ஃபோமும், அதற்குமேல் ஓர் அங்குலத்துக்குச் சற்று இளகிய, 40 டென்சிட்டி ஃபோமும் வைத்தோம். சீட்டின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட அரை அங்குலம் உயர்ந்திருக்கும்படி சரிவாக வெட்டினோம்; இடுப்பு பின்னால் உருண்டுவிடாமல் சற்று முன்னோக்கி நிற்பதற்கு இந்தச் சரிவு உதவுகிறது. தொடையின் அடியை அழுத்தாமல் இருக்க முன்விளிம்பை உருட்டி விட்டோம்.

உயரத்தில்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருப்பது முதுகுக்கு நல்லது என்பதற்காகச் சீட்டை ஏற்றிக்கொண்டே போக முடியாது. ஓர் எல்லையைத் தாண்டினால் முன்கண்ணாடியின் மேல்சட்டம் பார்வையை மறைத்து, சிக்னலைப் பார்க்கக் கழுத்தைக் குனிய வேண்டிவரும். இடுப்பு வலி கழுத்துக்கு மாறும். ஆகவே தைப்பதற்கு முன் ஃபோமை வெறுமனே வைத்து, பிரேக்கில் கால் வைத்து, ஹேண்டிலைப் பிடித்து உட்கார்ந்து பார்த்த பிறகே உயரத்தை முடிவு செய்தோம்.

அடுத்தது முதுகுக்கான தாங்கல். ஆட்டோவில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பட்டை இருந்தாலும், ஹேண்டிலை எட்டுவதற்காக முன்னால் நகர்ந்து உட்காரும்போது அதற்கும் முதுகுக்கும் இடையில் வெற்றிடம் விழுந்துவிடுகிறது. அதை நிரப்ப ஒரு தேங்காய்ப்பூத் துண்டை இறுக்கமாகச் சுருட்டி, சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர்களால் கட்டி, பின்கம்பியோடு பிணைத்தேன். அது இருக்க வேண்டிய இடம் இடுப்புப் பெல்ட் கட்டும் மட்டம். விலா எலும்பில் இடித்தால் மேலே போய்விட்டது. புட்டத்தை முன்னால் தள்ளினால் கீழே இறங்கிவிட்டது. சரியான இடத்தில் இருந்தால் நெஞ்சு தானாக நிமிர்வதை உணரலாம். துண்டில் ஒரு நன்மை, ஒரு சுற்றைக் கூட்டியும் குறைத்தும் தடிமனைத் தேடிக்கொள்ளலாம். அளவு பிடிபட்ட பிறகுதான் அதே தடிமனில் ஃபோம் உருளை தைத்துக்கொண்டேன். பின்பாக்கெட்டில் இருந்த பர்ஸையும் ஆர்.சி. புத்தகக் கவரையும் டேஷ்போர்டுக்கு மாற்றினேன்; ஒரு பக்கப் புட்டத்துக்கு அடியில் அவ்வளவு தடிமன் இருந்தால், சமமாகச் செய்த சீட்டும் சமமாக இருக்காது.

சீட்டு சரியானாலும், ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார்ந்தால் வலி திரும்புகிறது என்பதைப் பார்த்தபின், இடைவேளைகளைத் தொழிலோடு சேர்த்தே அமைத்துக்கொண்டேன். கடிகாரம் பார்த்து நிறுத்துவது ஆட்டோவில் நடக்காது. சவாரி இறங்கியதும் நானும் இறங்குவது, கேஸ் போடும் இடத்தில் வரிசை நகரும் வரை நின்றுகொள்வது, ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரத்தில் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். ஸ்டாண்டில் நம்மில் பலர் பின்சீட்டில் குறுக்கே சரிந்து, காலை முன்கம்பியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கண்ணயர்வதை ஓய்வு என்று நினைக்கிறோம். முதுகுக்கு அது ஓய்வே அல்ல. ஓட்டும்போது வளைந்ததைவிட அப்போதுதான் கீழ்முதுகு அதிகமாக வளைகிறது.

இறங்கியதும் செய்யக் கற்றுத்தந்த பயிற்சி எளிமையானது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, முழங்காலை மடக்காமல் மெதுவாகப் பின்னால் வளைந்து நிமிர வேண்டும். ஐந்து முதல் பத்து முறை. அந்த இயன்முறைச் சிகிச்சையாளர் சொன்னது இது: "அண்ணே, எவ்வளவு வலிக்குதுன்னு பாக்காதீங்க. வலி கால்ல கீழ இறங்குதா, இடுப்புக்கு மேல ஏறுதா, அத மட்டும் பாருங்க." ஆடுதசையில் இருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து புட்டத்துக்கும் ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும்கூட அது நல்ல அறிகுறி. வலியோ மரமரப்போ பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். வயதானவர்களில் சிலருக்கு நரம்புப் பாதை சுருங்கியிருப்பதால் நடந்தால் கால் வலித்து, குனிந்தால் குறையும். அவர்களுக்குப் பின்வளைவு ஒத்துவராது. எனக்குக் கால்வலி முதலில் மேலே ஏறியது. இடுப்பு வலி அதற்குப் பின் நிதானமாகத்தான் குறைந்தது. வலி கடுமையாக இருந்த நாட்களிலும் படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடக்கச் சொன்னார்கள்.

நாமக்கல்லில் லாரி ஓட்டும் என் மச்சானுக்கும் இதே வலி இருந்தது. அவருக்குத் தேவைப்பட்ட மாற்றங்கள் வேறு. அவருடைய வண்டியில் காற்று சஸ்பென்ஷன் சீட் இருந்தும், எடைக்கேற்ற அமைப்பு சரியாக வைக்கப்படாததால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது அடியில் போய் முட்டியது. அதைச் சரிசெய்து, கிளட்சை முழுவதும் மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியும் முதுகு சாய்மானத்தை விட்டு விலகாமலும் இருக்கும்படி சீட்டை முன்னால் நகர்த்தினார். 2025 வரை நடைமுறையில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தரச் சொன்னது. ஆனால் முதுகு ஐந்து மணி நேரம் பொறுப்பதில்லை. ஆகவே அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வருகிறார். டீக்கடை பெஞ்சில் உட்கார்வது அதற்குப் பிறகுதான். கேபினிலிருந்து குதிக்காமல், கைப்பிடியைப் பிடித்து வண்டியைப் பார்த்தபடி இறங்குகிறார். இறங்கியவுடன் தார்ப்பாய்க் கயிற்றை இழுப்பதில்லை. நெடுநேரம் உட்கார்ந்து தளர்ந்திருக்கும் முதுகில் உடனே பளு ஏற்றும்போதுதான் பிடிப்பு அதிகமாக வருகிறது. சில நிமிடங்கள் நடந்த பிறகே சுமையைத் தொட வேண்டும். நானும் பயணியின் பெட்டியைத் தூக்க நேர்ந்தால் முதலில் நிமிர்ந்து, ஒருமுறை பின்வளைந்து, பெட்டியை உடலோடு ஒட்டித் தூக்குகிறேன்.

இப்போதும் மழைக்காலத்தில் குழிகள் பெருகும்போது வலி எட்டிப் பார்க்கும். அப்போது நான் முதலில் பார்ப்பது முன்பக்க ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறதா, டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதா என்பதைத்தான். பிறகு சீட்டின் நடுவில் கைமுட்டியை ஊன்றி உடல் எடையோடு அழுத்துகிறேன். பலகை தட்டுப்பட்டாலோ, கையை எடுத்தபின் குழி நிரம்ப நேரம் எடுத்தாலோ, மேலிருக்கும் ஓர் அங்குல ஃபோமை மட்டும் மாற்றிவிடுகிறேன். அடியிலிருக்கும் கெட்டி ஃபோம் இன்னும் தாங்குகிறது.