பார்வையாளர் விசாவில் பிரிட்டன் சென்று சென்னை வேலையைச் செய்த அனுபவம்

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் என் அக்காவுக்குப் பிரசவம் என்று தெரிந்ததும், அம்மாவுடன் நானும் பிரிட்டனுக்குச் சென்று ஏழு வாரங்கள் ரெடிங் நகரில் அவள் வீட்டில் தங்குவது என்று வீட்டில் முடிவானது. எனக்கு மீதமிருந்த விடுப்போ மூன்று வாரங்களுக்குத்தான் வந்தது. மற்ற நான்கு வாரங்களும் அக்கா வீட்டிலிருந்தே மடிக்கணினியில் சென்னை அலுவலகத்தின் வேலையைச் செய்யலாம் என்று நினைத்தேன். அதைப் பற்றி விசாரித்தபோது தெரிந்தவர்கள் அனைவரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: சுற்றுலா என்று மட்டும் எழுது, மடிக்கணினியைக் கைப்பையில் வைத்துக்கொள், யாரும் கேட்கமாட்டார்கள். விசா விண்ணப்பத்தை நிரப்பித் தந்த முகவரும் அதையேதான் செய்திருந்தார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதியிருந்தார்; அக்காவின் பிரசவம், நான் செய்யப்போகும் வேலை இரண்டும் விண்ணப்பத்தில் எங்கும் இல்லை.

அந்த விண்ணப்பத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனின் குடிவரவு விதிகளின்படி, விசா பெறுவதற்காகப் பொய் சொன்னதாகவோ உண்மையை மறைத்ததாகவோ முடிவு செய்யப்பட்டால் பத்து ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அக்கா அங்கேயே வாழ்கிறாள் என்னும்போது, பத்து ஆண்டுத் தடை என்பது அவளுடைய குழந்தை பள்ளியில் பாதித் தூரம் கடக்கும்வரை நான் அந்த வீட்டுக்குப் போகமுடியாது என்பதே. ஆகவே விதியையே எடுத்துப் படித்துவிடலாம் என்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பார்வையாளர்களுக்கான விதிகளைத் தேடி வாசித்தேன்.

மறைப்பதற்கு அவசியமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 2024 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பார்வையாளராக வந்திருப்பவர் வெளிநாட்டில் தனக்கு இருக்கும் வேலை தொடர்பான பணிகளைப் பிரிட்டனில் இருந்தபடியே தொலைவிலிருந்து செய்யலாம். ஆனால் அந்த வேலையே அவர் வந்ததற்கான முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உறவினரைப் பார்க்க வந்த இடத்தில் சில வாரங்கள் அலுவலக வேலையும் பார்ப்பதற்கு விதியில் இடமுண்டு. லண்டனில் சில மாதங்கள் தங்கி அங்கிருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே வருவதற்கு இடமில்லை. ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார், அதில் எத்தனை நாள் வேலை செய்கிறார், வேலை இல்லாவிட்டாலும் அந்தப் பயணத்துக்கு வந்திருப்பாரா என்பவற்றை வைத்தே அதிகாரி அதை எடைபோடுவார். என் பயணத்தில் மொத்தம் 49 நாட்களில் 20 நாட்கள் வேலை. பிரசவம் இல்லையென்றால் நான் போயிருக்கவே மாட்டேன்.

முகவரின் விண்ணப்பத்தைத் திருத்தினேன். முதன்மை நோக்கம் குடும்பத்தினரைச் சந்திப்பது என்று மாற்றி, கூடுதல் தகவலுக்கான பெட்டியில் சில வரிகள் எழுதினேன்: அக்காவின் பிரசவத்துக்காக வருகிறேன், முதல் மூன்று வாரங்கள் விடுப்பில் இருப்பேன், அடுத்த 20 வேலை நாட்கள் என் சென்னை நிறுவனத்தின் பணியைத் தொலைவிலிருந்து செய்வேன், என் சம்பளம் இந்தியாவில் ரூபாயில்தான் வருகிறது, பிரிட்டனில் உள்ள எவரிடமிருந்தும் பணம் பெறமாட்டேன். ஆறு மாத விசாவுக்கு அப்போது 115 பவுண்டு கட்டணம். மூன்று வாரங்களுக்குள் கடவுச்சீட்டு திரும்பி வந்தது.

அதில் ஒட்டியிருந்த விசாத் தாளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்துப்போனேன். ‘வேலை செய்யக் கூடாது, அரசு நிதியுதவி பெறக் கூடாது’ என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அப்போது பார்வையாளர் விசாவில் பொதுவாக அச்சிடப்பட்ட வரி அது. அங்கே ‘வேலை’ என்பது பிரிட்டனில் உள்ள நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ செய்யும் வேலை. வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்வது விதிகளில் தனியாக அனுமதிக்கப்பட்ட செயல். இதைப் படித்துத் தெளிந்திராவிட்டால், விமான நிலையத்தில் அந்த ஒரு வரியே என்னைப் பொய் சொல்ல வைத்திருக்கும்.

உண்மையில் விசாவைவிடக் கடினமாக இருந்தது என் சொந்த நிறுவனத்தின் அனுமதிதான். மேலாளர் மின்னஞ்சலில் சரி என்று சொன்னது போதாது என்று மனிதவளத் துறை கூறிவிட்டது. தகவல் பாதுகாப்புக் குழு, வரிக் குழு, வாடிக்கையாளர் ஆகிய மூவரின் ஒப்புதலும் தேவைப்பட்டதால் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. வாடிக்கையாளரின் தரவை எந்த நாட்டில் இருந்து கையாளலாம் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். போகும் நாட்டின் விசா விதிகள் என்னதான் அனுமதித்தாலும், சென்னை அலுவலகத்தில் இருந்து மட்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் வேறு நாட்டில் மடிக்கணினியைத் திறந்ததுமே அது மீறலாகிவிடும். என் திட்டம் சிங்கப்பூர் வாடிக்கையாளருடையது. அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் உண்மையான பயனர் தரவு உள்ள கணினிகளை அந்த 20 நாட்களும் நான் தொடக் கூடாது, சோதனைத் தரவில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். எங்கள் அலுவலகத்திலேயே பிரிட்டன் வாடிக்கையாளர் ஒருவரின் திட்டத்தில் இருந்த தோழிக்கு இதே அனுமதி மறுக்கப்பட்டது. பிரிட்டனில் இருந்துகொண்டு பிரிட்டன் வாடிக்கையாளருக்கே வேலை செய்தால் அது தொலைவிலிருந்து செய்யும் வேலையா, அங்கேயே வந்து செய்யும் சேவையா என்ற கேள்வி எழும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் சொன்னாராம். அந்த எச்சரிக்கை சரியானது என்றே நினைக்கிறேன்.

வரியைப் பொறுத்தவரை எனக்குச் சிக்கல் இல்லை. பிரிட்டன் மண்ணில் செய்த வேலைக்கான சம்பளத்துக்கு அந்த நாடு வரி கேட்க இடமுண்டு. ஆனால் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம், ஒரு வரி ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் அங்கே தங்காமல், சம்பளத்தை அந்நாட்டவரல்லாத நிறுவனமே கொடுத்து, அந்தச் செலவு பிரிட்டனில் உள்ள கிளையின் கணக்கில் ஏறாமலும் இருந்தால் அங்கே வரியில்லை என்கிறது. கிளையைப் பற்றிய அந்தக் கடைசி நிபந்தனையை வரிக் குழு திரும்பத் திரும்ப விசாரித்தது, ஏனெனில் எங்கள் நிறுவனத்துக்கு அங்கே கிளை உண்டு. அந்தக் கிளைக்காக ஒரு மணி நேரம்கூட வேலை செய்யமாட்டேன், அங்குள்ள யாருடனும் ஒப்பந்தம் பேசமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்பதும் இந்த விசாரணையில்தான் தெரிந்தது. எனவே பயணக் காப்பீட்டைத் தனியாக எடுத்தேன்.

ஹீத்ரோவில் அதிகாரி முதலில் எத்தனை நாள், யார் வீட்டில் என்று கேட்டார். பிறகு என் தொழில் என்ன என்று கேட்டுவிட்டு, “இங்கே வேலை செய்வீர்களா?” என்றார். அக்காவின் பிரசவத்துக்காக வந்திருப்பதாகவும், மூன்று வாரம் விடுப்பு முடிந்தபின் 20 நாட்கள் என் இந்திய நிறுவனத்தின் வேலையை அக்கா வீட்டிலிருந்து செய்யப்போவதாகவும், விண்ணப்பத்திலும் அதை எழுதியிருப்பதாகவும் சொல்லி, நிறுவனத்தின் கடிதத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் நீட்டினேன். என் பதவி, சம்பளம் எங்கே தரப்படுகிறது, விடுப்பு நாட்கள், தொலைவேலை நாட்கள், மீண்டும் சென்னை அலுவலகத்தில் பணிக்குத் திரும்ப வேண்டிய தேதி என எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன. அவர் விரலை ஓட்டியபடி படித்தார். திரும்பும் பயணச்சீட்டைக் கேட்டார். இங்கே யாராவது உங்களுக்குப் பணம் தருவார்களா என்றார். இல்லை என்றேன். முத்திரை குத்திக் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார். அம்மாவிடம் குழந்தையை எவ்வளவு நாள் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டபோது, பேரக்குழந்தையைப் பார்க்க வந்தேன், ஏழு வாரத்தில் போய்விடுவேன் என்று அம்மா சொன்னார். குறுகிய வருகையில் உறவினர் குழந்தையைக் கவனித்துக்கொள்வதற்குத் தடையில்லை. சம்பளத்துக்கு ஆயா வேலை பார்ப்பதுபோல் ஆகிவிடக் கூடாது, அவ்வளவே.

கோடைக்காலத்தில் பிரிட்டன் நேரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதால், சென்னையின் காலை ஒன்பதரை எனக்கு விடியற்காலை ஐந்து மணி. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் குரல் உயர்த்திப் பேசமுடியாது. சமையலறை மேசையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் கூட்டங்களில் கலந்துகொண்டேன். முதல் நாளே என் கணக்கு முடக்கப்பட்டது. பாதுகாப்புக் குழு எனக்கான அனுமதியில் தொடக்கத் தேதியை ஒரு வாரம் தள்ளிப் பதிந்திருந்ததால், பிரிட்டனில் இருந்து வந்த உள்நுழைவைத் திருட்டு முயற்சி என்று அமைப்பு எடுத்துக்கொண்டது. அனுமதி மின்னஞ்சலின் நகல் கைபேசியில் இருந்ததால் நாலு மணி நேரத்தில் சரியானது. சொல்லாமல் வந்தவர்கள் பிடிபடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். அலுவலகக் கணினியே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது வாரத்தில் அத்தானின் நண்பர் ஒருவர், தன் மளிகைக் கடையின் இணையதளத்தைச் சரிசெய்து தந்தால் 200 பவுண்டு தருவதாக அன்போடு கேட்டார். மறுத்துவிட்டேன். இரண்டு மாலைப்பொழுதில் முடியக்கூடிய வேலைதான். ஆனால் பிரிட்டனில் உள்ள ஒருவருக்கு, பிரிட்டன் பணத்துக்குச் செய்யும் அந்த வேலைதான் என் விசாத் தாள் நேரடியாகத் தடுப்பது. அவருக்கு வருத்தம் இருந்தது. அத்தான்தான் பக்குவமாக விளக்கினார்.

இந்த அனுபவத்தை மற்ற நாடுகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. கனடா பார்வையாளர்கள் ஆறு மாதம் வரை வெளிநாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வதை அனுமதிக்கிறது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் பி-2 என்ற பார்வையாளர் விசாவில் இப்படி வெளிப்படையாக எழுதிய அனுமதி எதுவும் இல்லை. நுழைவாயில் அதிகாரி அதை வேலை என்று கருதித் துரித வெளியேற்ற ஆணையில் திருப்பி அனுப்பினால், ஐந்தாண்டுத் தடை வரும். அதனால் சியாட்டிலில் இருக்கும் தன் மகனிடம் போகவிருந்த சித்தப்பா மகளுக்கு, மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டுச் சம்பளமில்லா விடுப்பில் போகும்படிதான் சொன்னேன்.

செப்டம்பரில் சென்னை திரும்பிய மறுநாள், வரிக் குழு கேட்ட நாள் கணக்கை அனுப்பினேன்: பிரிட்டனில் 49 நாட்கள், அதில் வேலை 20. போர்டிங் பாஸ்கள், நிறுவனக் கடிதம், விண்ணப்பத்தின் நகல், விடுப்புப் பதிவு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் கடவுச்சீட்டோடு வைத்திருக்கிறேன். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது முந்தைய பயணங்களைப் பற்றிய கேள்விகளுக்கு அந்தக் கோப்பைப் பார்த்தே பதில் எழுதுவேன்.