நிழற்குடை மாக்கப்: எட்டு முழ வேட்டியில் பிடித்த சோடியம் வெளிச்சம்

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த நிழற்குடை மாக்கப் நேற்று ராத்திரி ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. மாக்கப் என்றால், விளம்பரத்தை நிஜ இடத்தில் கட்டினால் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் படம். கும்பகோணத்தில் ஃபிளக்ஸ் அடிக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். "தம்பி, பேனர் கட்டியாச்சா? யார் கட்டினது?" என்று போனில் கேட்டார். நான்கு மாக்கப் செய்திருக்கிறேன், ஒன்றுக்கும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இடம் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர்ப் பயணியர் நிழற்குடை. பின்சுவரில் பன்னிரண்டுக்கு நான்கு அடியில் விளம்பரச் சட்டம் இருக்கிறது. மூன்றடிக்கு ஒரு சதுரக் குழாய் வைத்து நான்கு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். எதிரே தெருக்கம்பத்தில் இன்னும் பழைய சோடியம் விளக்கு. மற்ற தெருவெல்லாம் எல்.இ.டி.க்கு மாறிவிட்டது, இந்த ஒரு கம்பம்தான் மிச்சம். அதனாலேயே இந்த இடத்தைப் பிடித்தேன். விளம்பரம் ஒரு காபித்தூள் கடைக்கு.

முதலில் பெர்ஸ்பெக்டிவ், ஏனென்றால் இரண்டு வாரத்தைத் தின்றது அதுதான். சாலையோரம் இடப்பக்கமாக நின்று, மொபைலைச் சட்டத்தின் நடு உயரத்துக்கு, அதாவது ஐந்தடியில், ட்ரைபாடில் செங்குத்தாக வைத்து எடுத்தேன். மேலேயோ கீழேயோ சாய்க்காவிட்டால் சட்டத்தின் இரண்டு நிமிர்ந்த ஓரமும் படத்திலும் நேராகவே நிற்கும், கணக்கு சுலபமாகிவிடும். படத்தில் கிட்ட இருக்கும் ஓரம் 900 பிக்சல் உயரம், தூர ஓரம் 600, இரண்டுக்கும் நடுவே 1500 பிக்சல்.

பிறகு தனியாகத் திறந்து மாற்ற வசதியாக டிசைனை ஃபோட்டோஷாப்பில் `Convert to Smart Object` செய்து, `Distort` வைத்து நான்கு மூலையிலும் உட்கார வைத்தேன். மூலைகள் சரியாக இருந்தும் மேல் ஓரத்தில் நடுவில் நான்கைந்து பிக்சல் இடைவெளி. அதை மூட `Warp` போட்டு இழுத்தேன். எல்லாத் தப்பும் அங்கே ஆரம்பித்தது. ஓரம் ஒட்டிவிட்டது, ஆனால் எழுத்து சுவரில் இல்லாமல் காற்றில் மிதப்பது மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியாமல் ஒரு வாரம் நிழலையும் நிறத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். சுவரில் சட்டத்தின் நட்டநடுவே இருக்கும் குழாய், படத்தில் 750ஆவது பிக்சலில் இருக்காது. நான்கு மூலைக்கும் குறுக்கே இரண்டு கோடு போடுங்கள், அவை வெட்டும் இடம்தான் உண்மையான நடு. கணக்காகச் சொன்னால் கிட்ட உயரத்தை இரண்டு உயரங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 900ஐ 1500ஆல் வகுத்தால் 0.6, அப்படியானால் 1500 பிக்சல் அகலத்தில் நடுக்குழாய் 900ஆவது பிக்சலில் வரும். இதே முறையில் மற்ற குழாய்கள் 500இலும் 1227இலும் வரும். ஆக நான்கு கட்டங்களின் அகலம் இடமிருந்து 500, 400, 327, 273. `Distort` இதை அப்படியே செய்துகொடுக்கும். `Warp` அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்து டிசைனின் நடுவை 750இல் வைத்துவிடும். 150 பிக்சல் தள்ளிப்போனால், ஏன் என்று தெரியாவிட்டாலும் பார்க்கிறவர் கண்ணில் உறுத்தும்.

மேல் ஓர இடைவெளிக்குக் காரணம் மொபைல் லென்ஸ். நேர்கோட்டை லேசாக வெளியே வளைக்கிறது. அதை `Lens Correction` வைத்து முதலிலேயே நிமிர்த்திவிட்டுத்தான் மூலைகளைத் தொட வேண்டும். நிமிர்த்தியபின் `Distort` மட்டும் போதுமாக இருந்தது.

இன்னொன்று. பழக்கதோஷத்தில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டை 1920க்கு 1080 அளவில் திறந்திருந்தேன். நான்கு மூலை பொருந்துவதை மட்டும்தான் ஃபோட்டோஷாப் பார்க்கும், சட்டம் எத்தனை அடி என்பது அதற்குத் தெரியாது. அந்த அளவை மூன்றுக்கு ஒன்று சட்டத்தில் விரித்தால் எழுத்தெல்லாம் ஒன்றரை மடங்குக்கு மேல் அகலமாகிவிடும். டேப் வைத்து அளந்து 3600க்கு 1200 என்று புதிதாகத் திறந்தேன். இப்போது டிசைன் போடுவதற்கு முன்னால், நான்கு சதுரமும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வட்டமும் வரைந்த சோதனைத் தாளைத்தான் முதலில் ஏற்றுகிறேன். சதுர ஓரம் குழாய் மேல் விழுந்தால் பெர்ஸ்பெக்டிவ் சரி. வட்டம் சுவரில் ஒட்டிய தட்டு மாதிரி தெரிந்தால் அளவும் சரி.

அப்புறம் வெளிச்சம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேயர் போட்டு ஓரத்தைக் கருப்பாக்கும் வழக்கமான முறை எனக்குப் பிடிக்கவில்லை. சட்டத்தின் மேல் ஓர் அடிக்குக் கூரையின் நிழல் விழுகிறது, இடது தூணின் நிழல் சாய்வாக வருகிறது. இதையெல்லாம் தூரிகையால் வரைந்தால் வரைந்த மாதிரிதான் இருக்கும். வெள்ளையாக ஒன்றைச் சட்டத்தில் கட்டிப் படம் எடுத்தால், அந்தப் படமே வெளிச்சத்தின் அச்சு. டிசைனை அதன் மேல் வைத்து, இரண்டின் நிறத்தையும் பெருக்கும் `Multiply` கொடுத்தால் தீர்ந்தது.

வெள்ளைக்கு முதலில் ஃபிளக்ஸ் கடை அண்ணனிடம் அச்சடிக்காத துண்டு வாங்கினேன். அது பளபளப்பு, தெருவிளக்கே ஒரு வெள்ளைப் பொட்டாக அதில் விழுந்தது. மேட் ஃபிளக்ஸ் கேட்டால் முழு ரோல் எடுக்கச் சொல்கிறார்கள். யோசித்தபடி வீட்டுக்கு வந்தால் கொடியில் அப்பாவின் எட்டு முழ வேட்டி. முழம் ஒன்றரை அடி, எட்டு முழம் பன்னிரண்டு அடி. அகலம் நான்கு அடிக்குக் கொஞ்சம் மேலே, மடித்துக் கட்டக் கரையும் மறைந்துவிடும். இந்தச் சட்டத்துக்கு அளவெடுத்து நெய்தது மாதிரி இருந்தது. பருத்தி என்பதால் பளபளப்பு துளியும் இல்லை. ஒற்றை வேட்டியில் பின்சுவரின் பச்சை தெரிந்ததால் அந்தப் பளபள ஃபிளக்ஸைப் பின்னால் கட்டி, இஸ்திரி போட்ட வேட்டியை மேலே இழுத்துக் கட்டினேன். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு சாயங்காலத்துக்கு அனுமதி கேட்டிருந்தேன்.

ஆனால் ஐப்பசி மாதம், சுற்றிலும் சம்பா வயல். வெள்ளைத் துணியும் விளக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் வேட்டி முழுக்கப் பச்சைத் தத்துப்பூச்சி, கடுகு தூவின மாதிரி. துண்டால் தட்டிவிட்டு, ட்ரைபாடை அசைக்காமல் பதினைந்து படம் எடுத்தேன். வீட்டில் `File > Scripts > Statistics` போய், ஒவ்வொரு பிக்சலுக்கும் பதினைந்து படத்தின் நடு மதிப்பை எடுக்கும் `Median` கொடுத்ததும் இடம் மாறிய பூச்சியெல்லாம் காணாமல் போய்விட்டது. நடுவில் போன பஸ்ஸின் ஹெட்லைட்டும் அதோடு போய்விட்டது. அசையாமல் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பூச்சிகளை மட்டும் கையால் எடுத்தேன்.

படம் எடுக்கும்போது ஒயிட் பேலன்ஸைப் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் சோடியம் மஞ்சளை மொபைலே கழுவிவிடும். ஷட்டரும் வேகமாக வைக்கக் கூடாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்கும், வேக ஷட்டரில் பட்டை பட்டையாக விழும். நான் கால் வினாடி வைத்தேன்.

வேட்டியின் பிரகாசமான இடத்தில், 255தான் உச்சம் என்ற அளவில், சிவப்பு 225, பச்சை 150, நீலம் 45. நீலம் கிட்டத்தட்ட இல்லை. கடைக்காரர் கேட்டிருந்தது நீலப் பின்னணி, அதன் மேல் பச்சைக் காபி இலைகள். பின்னணி 30, 70, 160. வெளிச்சத்தோடு பெருக்கி 255ஆல் வகுத்தால் 26, 41, 28, அதாவது சேறு. இலையின் பச்சையும் அதே இருட்டுக்குள் போய்விட்டது. கம்ப்யூட்டர் திரையில் அவ்வளவு அழகாக இருந்த இலை ராத்திரியில் இல்லவே இல்லை. மாக்கப் தேவைப்படுவது இதைக் காட்டத்தான் என்பது என் எண்ணம். காபிப் பழுப்புப் பின்னணியும் சந்தன நிற எழுத்தும் போட்டுக் காட்டினேன், அண்ணன் கடைக்காரரிடம் பேசுகிறேன் என்றார்.

நிழற்குடைக்குள் ஒரு ட்யூப்லைட்டும் உண்டு. அதைத் தனி லேயராக வரைந்து சோடியத்தின் மேல் கூட்டியபோது சுவர் வெளுத்துவிட்டது. சாதாரண 8 பிட் படத்தில் 128 என்பது பாதி வெளிச்சம் இல்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். 128 அளவுள்ள இரண்டு விளக்கு சேர்ந்தால் 176 வர வேண்டும். நேராகக் கூட்டினால் 255ஐத் தாண்டி முழு வெள்ளையாகிறது. பெருக்கும்போது இந்தக் கோளாறு பெரிதாகத் தெரிவதில்லை, கூட்டும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். அதனால் வேட்டியை ட்யூப் அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை, மொபைல் மெருகேற்றாத ரா ஃபைலாக எடுத்து, `32 Bits/Channel`இல் ஒன்றின் மேல் ஒன்றை `Difference` செய்தேன். மிஞ்சியது ட்யூப்பின் வெளிச்சம் மட்டும். அதை முழுசாக, பாதியாக, இல்லாமல் என்று மூன்று விதமாகச் சோடியத்தோடு கூட்டி மூன்று வெளிச்சப் படமாக வைத்திருக்கிறேன்.

இந்த மூன்றும் தலைப்புக்கு இடம் விடும்போதுதான் கைகொடுத்தன. பெஞ்சில் உட்காருபவர்களின் தலை சட்டத்தின் கீழ் ஓரடிக்கு மேல் மறைக்கிறது. ட்யூப் எரியாத நாளில் கூரை நிழல் மேல் ஓர் அடியைத் தின்றுவிடும். நிச்சயமாகத் தெரிவது நடுவில் ஒன்றேமுக்கால் அடிப் பட்டைதான். இடதுபக்க இரண்டு கட்டத்துக்கு 900 பிக்சல் இருக்கிறது, வலதுபக்கம் 600தான். ஆகவே தலைப்பு இடது இரண்டு கட்டத்தில், டம்ளர் படம் வலதில். தமிழில் மேலே இகர வளைவும் கீழே உகரச் சுழியும் இடம் கேட்கும், இந்தப் பட்டையில் இரண்டு வரி போட்டால் 'டு'வின் காலும் 'கி'யின் தலையும் இடிக்கின்றன. ஒரே வரி, பதினைந்து எழுத்துக்குள் என்று ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள்ளேயே கோடு போட்டுவிட்டேன்.

தரையில் விழும் நிறச்சாயல் இன்னும் பாக்கி. அதை முடிக்காமலேயே மனசு அடுத்ததற்குப் போய்விட்டது. நல்ல மழை நாளில், சாலை நனைந்து சோடியம் நீளமாகக் கோடிழுக்கும்போது அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். கம்பத்தில் எல்.இ.டி. மாட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் மழை கோட் வாங்கி வைத்தாயிற்று. வேட்டியை மட்டும் அப்பா திருப்பிக் கேட்கிறார்.