அட்டனில் எழுதிய டயரி, ஸ்கார்பரோவில் கிடைத்த லைசன்ஸ்

கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் நான் செய்ததெல்லாம் டயர் மாற்றுவதும் ஒயில் இறக்குவதும்தான். அதற்கு முன் ஊரில் ஆறு வருடம் கராஜில் நின்றவன். எஞ்சின் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் காய்ந்து மணம் கிளம்பிய வேன்களைப் பாதையோரத்திலேயே பார்த்துச் சரி செய்திருக்கிறேன். ஆனால் ஸ்கார்பரோ கராஜில் ஒரு பிரேக் கலிப்பரைக்கூடத் தொட முடியவில்லை.

கராஜ் முதலாளி யாழ்ப்பாணத்து அண்ணை. என்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஒன்ராறியோவில் கார் மெக்கானிக் வேலை கட்டாய உரிமத் தொழில். 310S என்ற தொழில் குறியீட்டில் உரிமம் இருக்க வேண்டும், அல்லது பயிலுநராகப் பதிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒருவனை அந்த வேலையில் விட்டால் பிடிபடுவது முதலாளியும்தான்.

என் பையில் நைட்டா சான்றிதழ் இருந்தது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் கீழ் அட்டன் டவுனில் ஒரு கராஜில் மூன்று வருடம் பயிலுநராக இருந்து, தொழிற் பரீட்சை பாஸாகி, தேசிய தொழிற் தகைமையான என்.வி.கியூ.வில் நான்காம் மட்டம் எடுத்தவன் நான். தோட்டத்தில் எங்கள் லயத்தில் அப்படியொரு சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் என்று அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். இதைக் காட்டினால் போதும் என்றுதான் விமானம் ஏறும்வரை நினைத்திருந்தேன்.

அந்தச் சான்றிதழ் சும்மா வந்ததல்ல. பரீட்சை நாளில் எனக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று நாலு சிலிண்டர் எஞ்சினில் வால்வ் இடைவெளி வைப்பது. பயரிங் ஓடர் 1-3-4-2. பீலர் கேஜைக் கையில் எடுத்ததும் பரீட்சகர் கேட்டார்: "முதலாம் சிலிண்டருக்கு வைக்கப் போறீங்க, எந்த சிலிண்டரைப் பார்ப்பீங்க?" நாலாவதின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கும் அந்த இடத்துக்கு வரும்போது, முதலாவதில் இரண்டும் மூடி அழுத்த முடிவில் நிற்கும் என்று சொல்லிக் கையாலேயே கிராங்கைச் சுற்றிக் காட்டினேன். வேலை தெரியுமா, ஏன் என்று தெரியுமா, இரண்டையும் அவர்கள் பார்த்தார்கள்.

ஒன்ராறியோவில் இதற்கு மதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே எடைபோடுவது வேறு ஒன்றை. உரிமங்களைப் பார்க்கும் அமைப்பு ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ. வெளிநாட்டில் வேலை பழகியவர்கள் அங்கே சமநிலை மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த மாகாணத்தில் ஒருவர் பயிலுநராகத் தொடங்கினால் 310S முடிக்க 7,220 மணித்தியாலம் ஆகும். அதில் 6,500 கராஜ் வேலை, 720 வகுப்பு. வெளியிலிருந்து வருகிறவன் அதற்கு ஈடான வேலையும் திறமையும் தன்னிடம் இருப்பதை எழுத்தில் காட்ட வேண்டும். சான்றிதழ் துணைக்கு நிற்கும். சுமையைத் தூக்குவது முதலாளிமார் தரும் கடிதங்கள்.

என்னிடம் இருந்த கடிதத்தை அண்ணையிடம் நீட்டினேன். பண்டாரவளையில் நான் கடைசியாக வேலை செய்த கராஜ் முதலாளி கொடுத்தது: இவர் என்னிடம் மூன்று வருடம் வேலை செய்தார், நேர்மையானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். அண்ணை இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, இந்தக் கடிதம் காணாது. நீர் நல்ல பிள்ளை எண்டு எழுதியிருக்கு. என்ன வேலை செய்தனீர் எண்டு ஒரு வரியும் இல்லை. எத்தினை மணித்தியாலம், எந்த வாகனம், ஒண்டும் இல்லை."

எந்த வாகனம் என்று அவர் கேட்டது எனக்கு முதலில் பிடிபடவில்லை. 310S என்பது கார், வேன், சிறிய பிக்கப் போன்றவற்றுக்கு. 4,500 கிலோவுக்கு மேற்பட்ட லொறி, பஸ்ஸுக்கு 310T என்று வேறு தொழில், வேறு உரிமம். மலையகக் கராஜில் அப்படிப் பிரிவு ஏது? காலையில் தொழிற்சாலையின் கொழுந்து லொறிக்கு கிளச், பகலில் ஹைஏஸ் வேனுக்கு பிரேக் ஷூ, பின்னேரம் முச்சக்கர வண்டிக்கு கார்புரேட்டர், இடையில் யாரோ ஒருவரின் டிமோ பட்டா குட்டி லொறி. எல்லாம் ஒரே கை, ஒரே கறுத்த துணி. அத்தனையையும் மொத்தமாக "வாகனத் திருத்தம்" என்று எழுதிக் கொடுத்தால் அதில் 310S எவ்வளவு என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் டயரி ஞாபகம் வந்தது. பயிலுநர் காலத்தில் தினமும் என்ன வேலை செய்தோம் என்று எழுத வேண்டும். பயிற்சிப் பரிசோதகர் வந்து பார்த்துக் கையெழுத்து வைப்பார். எங்களுக்கு அது தலைவலி. வெள்ளிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து ஐந்து நாளையும் சேர்த்து எழுதுகிற பையன்கள் இருந்தார்கள். நான் அப்பாவுக்குப் பயந்து அன்றன்றைக்கே எழுதினேன். தங்கச்சிக்கு போன் எடுத்தேன். அம்மாவின் சேலை அலுமாரிக்குக் கீழே இருந்து மூன்று கொப்பியையும் எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கிரீஸ் விரல் அடையாளம் பல பக்கங்களில் அப்படியே இருந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். வாரம் 45 மணித்தியாலம், லீவு நாள் கழித்து வருடம் 50 வாரம், ஆக 2,250. மூன்று வருடத்துக்கு 6,750. ஆனால் டயரிப்படி அட்டன் கராஜில் கார், வேன் வேலை நூற்றுக்கு நாற்பதுதான். மிச்சமெல்லாம் லொறி, பஸ், முச்சக்கர வண்டி. அப்படியானால் கணக்கில் வருவது 2,700. பண்டாரவளையில் மூன்று வருடமும் அதே 6,750 தான். ஆனால் அங்கே சுற்றுலா வேன்களும் கார்களுமே அதிகம், நாலில் மூன்று பங்கு. அது 5,062. இரண்டையும் கூட்டினால் 7,762.

அந்தக் கூட்டலை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பயிலுநர் சான்றிதழை மட்டும் நம்பியிருந்தால் 2,700-இலேயே நின்றிருப்பேன். லொறி மணித்தியாலத்தையும் சேர்த்துக் காட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அது பொய்யாகிப் போகும். கடிதம் கொடுத்த முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்தால் அவர் என்ன சொல்வார்?

பண்டாரவளை பாஸுக்கு அழைத்தேன்.

"என்னடா தம்பி, கடிதம் குடுத்தேன்ல?"

"குடுத்தீங்க பாஸ். இங்க அது பத்தாதாம். நான் என்னென்ன வேல செஞ்சேன்னு பிரிச்சு எழுதணும்."

"நீ எல்லாந்தான செஞ்ச!"

"அந்த எல்லாத்தையும்தான் எழுதணும் பாஸ்."

என்.வி.கியூ. தகைமை நியமத்தில் வேலைகள் அலகு அலகாகப் பிரித்திருக்கும். அந்த வரிசையிலேயே போனோம். எஞ்சின், எரிபொருள், குளிரூட்டல், கிளச்சும் கியர்பொக்ஸும், பிரேக், ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும், மின்சாரம். ஒவ்வொன்றின் கீழும் நான் உண்மையில் என்ன செய்தேன், எந்த வகை வாகனத்தில், ஏறத்தாழ எத்தனை மணித்தியாலம். கராஜின் பெயர் அச்சிட்ட தாளில், தொடங்கிய திகதி, முடித்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், தொலைபேசி இலக்கம், கையெழுத்து, சீல். அட்டன் கராஜிலும் அதே மாதிரி வாங்கினேன். சிங்களத்தில் இருந்த பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பித்தேன்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த சிக்கல்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. பாஸ்போட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும், ஆங்கில எழுத்தும் ஒன்று கூட. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துச் சேர்த்தேன். ஊரில் தொழிற் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பிய நாளிலேயே பாஸ்போட்டில் உள்ளபடி பெயரை எழுதியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

மதிப்பீடு சரிவந்தது. அதன் பொருள் பரீட்சை எழுத அனுமதி கிடைத்தது என்பதுதான். உரிமம் பரீட்சையில் தேறினால்தான். அதுவரைக்கும் தற்காலிகச் சான்றிதழ் எடுத்து வேலை செய்யலாம். எடுத்தேன். அன்றைக்கு முதல்முறையாக அண்ணை ஒரு காரின் சாவியை என் கையில் தந்தார்.

பிரேக்கில் எனக்குப் பயமே இருக்கவில்லை. உப்புப் போட்ட ரோட்டில் ஓடி கலிப்பர் பின் இறுகிப் போகும். ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருக்கும். ஊரில் காணாத துரு, ஆனால் வேலை அதேதான். பிழைத்தது மின்சாரத்தில்.

ஒரு காலை, ஸ்டார்ட் ஆகாமல் மெதுவாகச் சுற்றும் கார் வந்தது. பட்டரி நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டர்தான் என்று நான் கழற்றப் போனேன். அண்ணை தடுத்தார். "அளந்து பார்த்திட்டுக் கழட்டும்." மல்டிமீட்டரின் ஒரு முனையை பட்டரி நெகட்டிவில் வைத்து, மற்றதை எஞ்சின் புளொக்கில் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 1.8 வோல்ட் காட்டியது. நல்ல ஏர்த் வயரில் அந்த இடத்தில் ஏறத்தாழ 0.2-க்கு மேல் போகக் கூடாது. வயர் வெளியே பார்க்க முழுசாக இருந்தது. அதன் நுனியில் இருக்கும் லக்குக்குள்ளே உப்பு தின்று பச்சையாகக் கிடந்தது. சில டொலர் வயர். ஸ்டார்ட்டரை மாற்றியிருந்தால் வாடிக்கையாளரின் காசும் போய், காரும் திரும்பி வந்திருக்கும்.

அன்றிலிருந்து பரீட்சைக்குப் படித்ததில் பாதிக்கு மேல் வயரிங், சென்சர், ஸ்கேனர்தான். என் டயரியைத் திரும்பப் புரட்டினால் அதற்கான காரணம் தெரிகிறது. மூன்று வருடத்தில் மின்சாரம் என்று எழுதிய இடங்களில் பல்ப், பியூஸ், பட்டரி, ஆல்டர்னேட்டர் பிரஷ். அவ்வளவுதான்.

பரீட்சை, கொடுக்கப்பட்ட விடைகளில் சரியானதைத் தெரிவு செய்யும் வகை. தேற 70 வீதம் வேண்டும். 310S-க்கு எழுதுவது ரெட் சீல் பரீட்சை என்பதால், பாஸானால் மற்ற மாகாணங்களிலும் அந்தத் தகைமையை ஏற்பார்கள். முதல் தடவை எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை கிடைத்தது.

இப்போது அக்காவின் மகன் அட்டனில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறான். போன வாரம் டயரியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். திங்கள், பிரேக் வேலை. செவ்வாய், பிரேக் வேலை. புதன், சர்வீஸ். நான் அழைத்து, எந்த வாகனம், முன் சில்லா பின் சில்லா, எத்தனை மணித்தியாலம் என்று கேட்டேன். எல்லாம் ஞாபகம் இருந்தது அவனுக்கு. பிறகு திருத்தி அனுப்பினான்: "ஹைஏஸ் வேன், பின் பிரேக் ஷூ மாற்றி டிரம் அளந்தது, 3 மணி." கீழே பரிசோதகர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அவர் அடுத்த முறை வரும்போது கட்டாயம் வாங்கி வை என்று சொல்லியிருக்கிறேன்.