பாட்டு வகுப்பு: புதிய மாணவர் சேர்க்கை

இந்தக் காணொளியில் பாடுவது எங்கள் மாணவி. மோகன ராக வர்ணம், ஆதி தாளம். இரண்டாம் காலம் தொடங்கும் இடத்தில் அவள் கையை மட்டும் கவனியுங்கள். குரல் இரட்டிப்பு வேகத்துக்குப் போகிறது, ஆனால் தட்டு அதே நடையில் நிற்கிறது. பெரும்பாலும் குரலோடு கையும் ஓடிவிடும். அப்படி ஓடினால் அது இரண்டாம் காலமே இல்லை, முதல் காலத்தையே அவசரமாகப் பாடுவதுதான். இவளுக்கு அந்த நிதானம் அலங்காரங்களை மூன்று காலத்திலும் பாடிப் பாடி வந்தது. பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

முதல் நிலையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம். அடுத்து கீதம், ஸ்வரஜதி, வர்ணம். அப்புறம் கிருதிகள்.

எந்த நிலை என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். முதலில் ஒரு மாதிரி வகுப்பு. தம்புராவோடு ஸ, ப, மேல் ஸ பாடவைத்து உங்கள் குரலுக்கு எந்தச் சுருதி என்று பார்ப்போம். பிறகு ஆதி தாளம் போட்டுக்கொண்டே ஒரு சரளி வரிசையை இரண்டு காலத்தில் பாடச் சொல்வோம். முன்பே கற்றவர்களுக்கும் இதேதான். வர்ணம் வரை போனவர்கள்கூடச் சிலர் அலங்காரத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.

சேர விரும்புபவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள்.